பணியிட மலாய்த் தேர்வு: நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் 11 வருடம் பேக்கிங் பிரிவில் இருந்தேன். இப்போது குடியாத்தத்தில் கடை. மலேசியாவுக்குக் கிளம்புகிறவர்களும், போய்ச் சேர்ந்து போன் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மாமா, 20 நாள்தான் இருக்குது. அதுக்குள்ள மலாய் வருமா?

மொழி வராது. தேர்வு வரும். இரண்டும் வேறு என்பதை முதலில் மனசில் வைத்துக்கொள். தொழிற்சாலைகளில் வைக்கிற தேர்வு பெரும்பாலும் சூப்பர்வைசரோ அலுவலக ஆளோ எதிரே உட்கார்ந்து பேசிப் பார்ப்பதுதான். உன்னைப் பற்றி நாலு வரி, மணி, எண்கள், சில எச்சரிக்கைப் பலகைகள், ஒரு சின்ன வேலையைச் சொல்லி அதைச் செய்யச் சொல்வது, ஏதாவது கெட்டுப்போனால் யாரிடம் என்ன சொல்வாய் என்ற கேள்வி. நான் பார்த்தவை எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மாறும். அதனால் முதல் நாளே ஏற்கெனவே எழுதியவரிடம் கேட்டு, என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் வாங்கிக்கொள். எழுத்துத் தேர்வும் உண்டா என்று கட்டாயம் கேள்.

தினம் 40 நிமிடம் போதும், அதில் பாதி வாய்விட்டுப் பேசுவதாக இருக்க வேண்டும். 300 சொல் கையில் இருந்தால் இந்த வட்டத்தைத் தாண்டிவிடலாம். அதில் கணிசமான சொற்கள் உனக்கு ஏற்கெனவே தெரியும், அதைக் கீழே சொல்கிறேன்.

மலாயில இலக்கணமே இல்லையாமே, நிஜமா?

இருக்கிறது. நம்மைப் படுத்தும் இடத்தில் மட்டும் இல்லை. வந்தான், வந்தாள், வந்தார்கள், வருவேன், வந்தோம் என்று வினை வால் பிடித்து ஓடுவது அங்கே கிடையாது. 'டாத்தாங்' என்றால் வருவது. நான், அவன், அவள், நேற்று, நாளை, எதற்கும் அதே டாத்தாங்தான். ஆண்பால் பெண்பால் கிடையாது. அவன், அவள், அவர் மூன்றுக்கும் 'டியா'.

அப்போ காலத்தை எப்படிச் சொல்வது? வினைக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்தால் தீர்ந்தது. 'சூடா' என்றால் ஆகிவிட்டது. 'ஆக்கான்' என்றால் இனிமேல். 'செடாங்' என்றால் நடந்துகொண்டிருக்கிறது. சாயா சூடா மாக்கான் என்றால் நான் சாப்பிட்டாச்சு. நம் 'ஆச்சு' இருக்கிறதே, அதுதான் சூடா. இந்த ஒரு ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் காலம் பற்றிய பாதி கவலை போய்விடும்.

சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை. 'செமாலாம் சாயா கெர்ஜா' என்றால் நேற்று நான் வேலை செய்தேன். செமாலாம் என்ற சொல்லே நேற்று என்று சொல்லிவிட்டது, வினை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

'இல்ல'ன்னு சொல்றதுக்கு மட்டும் நாலு வார்த்தை இருக்குதே, எதை எங்க போடுறது?

இங்கேதான் தமிழ் படித்தவனுக்கு ஒரு சலுகை. பள்ளியில் 'அல்ல', 'இல்லை' வேறுபாட்டுக்காகத் தமிழாசிரியரிடம் குட்டு வாங்கியிருப்பாய். அது இப்போது உதவும்.

பெயருக்கு 'புக்கான்'. இத்து புக்கான் மேஜா, அது மேசை அல்ல. வினைக்கு 'தீடாக்'. சாயா தீடாக் பாஹாம், எனக்குப் புரியவில்லை. ஒரே இடத்தில் கணக்கு உதைக்கும்: பெரிது, சூடு, நல்லது போன்ற பண்புச் சொல்லுக்கு நாம் 'பெரிதல்ல' என்போம், அவர்கள் தீடாக்தான் போடுவார்கள். பொருளின் பெயர் வந்தால் மட்டும் புக்கான், மற்றதுக்கெல்லாம் தீடாக் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது.

'ஜாங்ஙான்' என்பது செய்யாதே. ஜாங்ஙான் செந்து, தொடாதே.

நாலாவது 'பெலும்'. இன்னும் இல்லை. இதைத்தான் நம் ஆட்கள் தவற விடுகிறார்கள். நான் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் வந்து 'சூடா சியாப்?' என்றார், முடிந்ததா என்று. இன்னும் நாலு பெட்டி பாக்கி. நான் 'தீடாக்' என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. முடியவில்லை என்று நான் சொல்ல நினைத்தது, செய்ய மாட்டேன் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த சிரம்பான்காரத் தமிழர்தான் 'பெலும்னு சொல்லுங்க அண்ணே' என்று காப்பாற்றினார். 'சூடா' என்று ஆரம்பித்து ஆச்சா இல்லையா என்று கேட்கும் கேள்விக்கு பதில் இரண்டே இரண்டுதான்: சூடா, அல்லது பெலும்.

எல்லாரும் ஈசின்னு சொல்றாங்க. எனக்கு வாக்கியமே வரல. எங்க தப்பு பண்றேன்?

அநேகமாகத் தமிழ் வரிசையில் பேசுகிறாய். இலக்கணத்தில் நமக்கு உண்மையான தடை இது ஒன்றுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடு.

நாம் வினையைக் கடைசியில் வைப்போம். அவர்கள் செய்பவன், செய்வது, செய்யப்படுவது என்று போவார்கள். அடைமொழியை நாம் முன்னால் வைப்போம், அவர்கள் பின்னால். சிவப்புப் பெட்டி நமக்கு, கோட்டாக் மேரா அவர்களுக்கு, பெட்டி சிவப்பு. என் பெயர் என்பது நாமா சாயா, பெயர் என். தோல் ஷூ என்பது காசுட் கூலிட். கூலிட் என்றால் தோல். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு ஜோடியை மனசில் வைத்தாலே போதும். வாழ்நாளெல்லாம் 'தோல் ஷூ' என்று சொன்ன வாய், 'ஷூ தோல்' என்று திரும்பப் பழக வேண்டும்.

கூட்டுச் சொல் எல்லாம் இப்படித்தான் கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கும். கையுறைக்கு அவர்கள் சொல் 'சாருங் தாங்ஙான்': சாருங் உறை, தாங்ஙான் கை. தலைவலி 'சாக்கிட் கெப்பாலா': சாக்கிட் வலி, கெப்பாலா தலை, நம் கபாலம்தான். வரிசை மாறினால் பொருளே மாறும் என்பதற்கு ஓர் அழகான ஜோடி உண்டு. மாத்தா என்றால் கண், ஆயர் என்றால் நீர். 'ஆயர் மாத்தா' கண்ணீர். 'மாத்தா ஆயர்' என்று திருப்பிப் போட்டால் நீரின் கண், அதாவது ஊற்று. தலைச்சொல் முதலில் வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

வேற்றுமை உருபும் இடம் மாறும். மேசையில், மேசைக்கு, மேசையிலிருந்து என்று நாம் வாலில் ஒட்டுவதை அவர்கள் முன்னால் தனிச் சொல்லாக வைப்பார்கள்: டி மேஜா, கெ மேஜா, டாரி மேஜா. வால் தலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பழக ஒரு வழி: தினம் பத்து தமிழ்த் தொடரை எடுத்து, முதலில் தமிழிலேயே மலாய் வரிசையில் சொல்லிப் பார். 'நான் மேசையிலிருந்து ரெண்டு பெட்டி எடுக்கிறேன்' என்பதை 'நான் எடுக்கிறேன் ரெண்டு பெட்டி இருந்து மேசை' என்று. வீட்டில் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த வரிசை வாயில் உட்கார்ந்த பிறகு சொற்களை மட்டும் மாற்று: சாயா ஆம்பில் டுவா கோட்டாக் டாரி மேஜா.

நம்ம வார்த்தைங்க மலாய்ல நிறைய இருக்குதாமே. எதெல்லாம்?

உண்டு. தோட்டத்துக்கு ஆட்கள் போன காலத்துக்கு வெகுமுன்பே வணிகர்கள் கொண்டுபோனவை பல. சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, தொடர்பு அவ்வளவு பழையது. அதனால் கடை சம்பந்தப்பட்ட சொற்கள் அதிகம்: கெடாய் நம் கடை, காப்பால் கப்பல், மோடால் முதல், அதாவது போட்ட முதல். பெத்தி பெட்டி, காத்தில் கட்டில், திராய் திரை, மீசாய் மீசை, லோகாம் உலோகம். கோயில் அங்கே போய்க் 'குயில்' ஆகிவிட்டது. முதல் தடவை கேட்டபோது எனக்கு நிஜமாகவே குயில்தான் நினைவுக்கு வந்தது.

தேர்வுக்கு அதிகம் உதவுவது சமஸ்கிருதம் வழியாக நமக்கும் அவர்களுக்கும் பொதுவானவை. பாஹாசா பாஷை, நாமா நாமம், மூக்கா முகம், வார்னா வர்ணம், சாமா சமம். பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் 'பாஹாயா' நம் பயம். அவர்களுக்கு ஆபத்து என்று பொருள். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்கும்போது வரும் 'பாஹாகியான்' நம் பாகம். அபராதத்துக்கு 'டெண்டா', நம் தண்டம். தண்டம் கட்டுவது என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே.

மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கத்தில் வீட்டில் உருது பேசுகிறவர்களுக்கு இன்னும் வசதி. லீவுக்கு அங்கே 'ச்சுத்தி', அவர்கள் வீட்டுச் சுட்டிதான். கேள்விக்கு சோஆலான், பதிலுக்கு ஜாவாப்பான், சவாலும் ஜவாபும் வால் முளைத்து நிற்கின்றன. ஆஜர் அங்கே ஹாடிர். எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு 'ஆப்பா காபார்', என்ன கபர். போர்த்துகீசியர் விட்டுப்போனதும் இரண்டு பக்கமும் ஒன்று: மேஜா, அல்மாரி, ஜென்டேலா என்றால் மேசை, அலமாரி, ஜன்னல். பாஸ், லோரி, மெசின் போன்றவை சொல்லவே வேண்டாம்.

ஒரு நோட்டில் இவற்றை முதல் மூன்று நாளில் எழுதி முடி. 80 சொல்லாவது தேறும்.

அப்போ கேட்டா தமிழ் மாதிரி இருந்தா அதே அர்த்தம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. முதல் பள்ளம் 'இத்து'. காதில் இது என்று விழும், பொருள் 'அது'. இது என்பதற்கு அவர்கள் சொல் 'இனி'. தேர்வில் பொருளைக் காட்டி 'ஆம்பில் இத்து' என்றால் தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் கையருகே இருப்பதை எடுத்து நீட்டுவார்கள்.

கோலாம் நம் கோலம் இல்லை, குளம். மண்டி என்றால் குளிப்பது. வேலூர் மண்டித் தெருவில் வளர்ந்த ஒருவனுக்கு இதை மறக்கவே முடியாமல் போனது. தாலி என்றால் கயிறு, தாலி காசுட் ஷூ லேஸ். மாலாம் இரவு. சுவாமி வழியாக வந்த 'சுவாமி' அங்கே கணவன். வக்கீல் போல ஒலிக்கும் 'வாக்கில்' பிரதிநிதி, நீதிமன்றத்துக்குப் போகிறவர் இல்லை. 'கூலி' நம் சொல்தான், ஆனால் அங்கே ஆளைத் தாழ்த்திச் சொல்வது போல் ஒலிக்கும். உன் வேலையைச் சொல்லும்போது 'பெகெர்ஜா', தொழிலாளி என்று சொல்.

தமிழ்லயே எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணலாமா அண்ணா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் தமிழில் எழுதியிருப்பது உனக்கு ஓசை பிடிபட மட்டும்தான். தமிழ் எழுத்தில் 'பாகி' என்று எழுதினால் அது காலை என்ற சொல்லா, கொடு என்ற சொல்லா என்று தெரியாது. முதல் எழுத்து காலையில் P, கொடுப்பதில் B என்று ஆங்கிலத்தில் பிரிக்கிற அந்த வேறுபாடு அவர்களுக்கு உயிர். டுவா என்றால் இரண்டு, அதையே துவா என்று வல்லோசையாகச் சொன்னால் கிழம். சூப்பர்வைசருக்கு 'காலை வணக்கம்' சொல்லப் போய் வேறு ஏதோ சொன்னது போல் ஆகும். நோட்டில் மலாய் எழுத்துகளில், அதாவது ஆங்கில எழுத்துகளில் எழுது. பக்கத்தில் பொருள் மட்டும் தமிழில்.

எழுத்து சுலபம், எழுதியபடி படிக்கலாம். ஆங்கில 'சி' எழுத்து வந்தால் எப்போதும் 'ச்ச' ஓசை, 'க' ஓசை வரவே வராது. 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அப்படி ஆக்கினார்கள். சொல்லின் கடைசியில் 'கே' வந்தால் முழுதாக வெளியே விடாதே, தீடாக் என்பதைத் தொண்டையில் நிறுத்து. ஆங்கில E எழுத்துக்கு மட்டும் இரண்டு ஓசை உண்டு, எழுத்தில் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

அகராதியில தேடினா வார்த்தை கிடைக்கல. பலகையில ஒண்ணு, அகராதியில ஒண்ணா இருக்குது.

முன்னொட்டுதான் காரணம். மலாய் வினைக்கு முன்னால் 'மெ' சேரும், அப்போது வேரின் முதல் எழுத்து கரைந்துவிடும். இதைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள். தமிழ் எழுத்து தெரிந்தவன் மிரள வேண்டியதில்லை.

அகர வரிசையை நினைத்துப் பார்: க ங, ச ஞ, த ந, ப ம. வல்லினமும் அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லினமும், இன எழுத்து என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. மலாயில் 'மெ' சேரும்போது நடப்பது அப்படியே இதுதான். வேர் பாக்காய், அணி என்று பொருள். ப போய் ம வரும்: மெமாக்காய். வேர் தாரிக், இழு. த போய் ந: மெனாரிக். வேர் சாப்பு, பெருக்கு. ச போய் ஞ: மெஞாப்பு. வேர் கீரா, எண்ணு. க போய் ங: மெங்ஙீரா. வெவ்வேறு நாலு விதி என்று புத்தகங்கள் எழுதும். நமக்கு அது ஒரே விதி.

ஆகவே 'மெஞாப்பு' என்று கேட்டாலோ படித்தாலோ, 'மெ'யைக் கழற்று, மெல்லினத்தை வல்லினமாக்கு, சாப்பு கிடைக்கும். அகராதியில் அதைத் தேடு. ஆங்கில B, D, G போன்ற மெல்லோசை எழுத்தில் தொடங்கும் வேர் கரையாது, முன்னால் மெல்லினம் மட்டும் ஒட்டும்: பாச்சா, படி என்பது மெம்பாச்சா. உயிரில் தொடங்கினால் 'மெங்' என்று வரும்: ஆம்பில் என்பது மெங்ஙாம்பில்.

பேசும்போது உனக்கு 'மெ' தேவையே இல்லை. தொழிற்சாலையில் எல்லோரும் வேரைத்தான் பேசுவார்கள். படிக்கவும் கேட்கவும் மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். தேடுவதற்கு டேவான் பாஹாசா டான் புஸ்தாக்கா நிறுவனத்தின் prpm.dbp.gov.my இருக்கிறது, இலவசம்.

நாம, நாங்க ரெண்டுக்கும் வேற வேற வார்த்தையாமே?

ஆமாம். இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 'கீத்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். அவ்வளவுதான், யோசிக்காமல் தமிழில் சொல்வது போலவே போடு. லீவு கேட்கும்போது சூப்பர்வைசரிடம் காமி என்று சொல்ல வேண்டும், கீத்தா என்றால் அவரும் சேர்ந்து லீவில் போவதாக ஆகும்.

ஆளை எண்ணும்போது வரும் 'ஓராங்' நம் 'பேர்'. தீகா ஓராங், மூன்று பேர். பொருளுக்கு, விலங்குக்கு வேறு வேறு எண்ணுச் சொற்கள் உண்டு, அவற்றைத் தேர்வு முடிந்த பிறகு பார்க்கலாம்.

பலகையெல்லாம் எத்தனை படிக்கணும்?

பதினைந்து போதும். பாஹாயா, ஆவாஸ் இரண்டும் எச்சரிக்கை. முன்னதுக்கு ஆபத்து, பின்னதுக்கு ஜாக்கிரதை. 'டிலாராங்' என்று தொடங்கினால் தடை: டிலாராங் மெரோக்கோக் புகைக்கக் கூடாது, டிலாராங் மாசுக் உள்ளே வரக் கூடாது. கதவில் தோலாக் என்றால் தள்ளு, தாரிக் என்றால் இழு. கெலுவார் வெளியே. பிந்து கெச்செமாசான் அவசரக் கதவு, லான்தாய் லிச்சின் வழுக்கும் தரை, தோப்பி கெசெலாமாத்தான் பாதுகாப்புத் தொப்பி, தன்டாஸ் கழிப்பறை. எதைப் படித்தாலும் அடுத்த வரியாக 'அப்போ நான் என்ன செய்யணும்' என்று சொல்லிப் பழகு. தேர்வில் கேட்பது அதைத்தான்.

போன்ல ஒரு ஆப் வெச்சுப் படிக்கிறேன். அது சரியா?

அது மலாயா, இந்தோனேசியமா என்று பார். இரண்டும் உடன்பிறப்பு. ஆனால் மலாயில் கார் என்று பொருள்படும் கெரேத்தா, இந்தோனேசியத்தில் ரயிலைக் குறிக்கும். 'முடியும்' என்பதற்கு அங்கே பீசா என்பார்கள். மலாயில் பீசா என்றால் விஷம், முடியும் என்பதற்கு 'போலே'. அலுவலகத்துக்கு மலாயில் பெஜாபாட், அந்தச் சொல் இந்தோனேசியத்தில் அதிகாரி, அலுவலகத்துக்கு அங்கே கான்தோர். பீசா, கான்தோர் என்று ஆப் சொல்லிக்கொடுத்தால் அதை மூடி வைத்துவிடு.

தேர்வு எப்படி நடக்கும்னு ஒரு மாதிரி சொல்லுங்க மாமா.

என் அக்கா மகன் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் இருந்தவன். சேர்ந்து மூன்றாவது வாரம் தேர்வு. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

முதல் கேள்வி 'சியாப்பா நாமா ஆவாக்?' சியாப்பா என்றால் யார், ஆவாக் என்றால் நீ. நாம் 'என்ன பெயர்' என்போம், அவர்கள் 'யார் பெயர்' என்பார்கள். இது தெரியாததால் அவன் கொஞ்சம் முழித்துவிட்டு 'நாமா சாயா' என்று பெயரைச் சொன்னான். 'டாரி மானா?' எங்கிருந்து. 'டாரி வேலூர், இந்தியா.' 'சூடா பெராப்பா லாமா டி சினி?' இங்கே எவ்வளவு காலம். 'தீகா மிங்கு', மூன்று வாரம். 'பூக்குல் பெராப்பா மாசுக் கெர்ஜா?' எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறாய். 'பூக்குல் லாப்பான் பாகி', காலை 8 மணி. எட்டரை என்றால் லாப்பான் செதெங்ஙா. இதுவரை சரி.

அப்புறம் வேலை. மேசையில் இரண்டு நிறத்தில் பெட்டிகள். 'ஆம்பில் டுவா கோட்டாக் மேரா டாரி மேஜா, லெத்தாக் டி பாவா அல்மாரி.' இரண்டு சிவப்புப் பெட்டியை மேசையிலிருந்து எடு, அலமாரிக்குக் கீழே வை. அவன் செய்தான். 'கோட்டாக் மேரா' என்பதற்குப் பதில் மேரா கோட்டாக் என்று எதிர்பார்த்திருந்தால் தடுமாறியிருப்பான்.

கடைசியில் மாட்டினான். 'காலாவ் மெசின் ரோசாக், ஆப்பா ஆவாக் புவாட்?' மெஷின் கெட்டால் என்ன செய்வாய். இதற்கு விடை 'சாயா தூத்துப் சுவிஸ். சாயா பெரித்தாஹு பெஞெலியா.' சுவிட்சை அணைப்பேன், மேற்பார்வையாளரிடம் சொல்வேன். அவன் வினையைத் தமிழ் போல் கடைசியில் வைத்து 'சாயா பெஞெலியா' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். மலாயில் இருக்கிறேன் என்ற சொல் தேவையில்லை, ஆகவே அவன் சொன்னதற்கு நான்தான் மேற்பார்வையாளர் என்று பொருள். எதிரே இருந்த உண்மையான மேற்பார்வையாளர், 'பெலும்' என்றார். இன்னும் இல்லை. அறையே சிரித்தது. அவன் உடனே திருத்தி, 'சாயா பெரித்தாஹு பெஞெலியா' என்று சொன்னான், தேறிவிட்டான்.

கேட்டது புரியலன்னா என்ன பண்றது? சும்மா உட்கார்ந்துடுறேன்.

சும்மா உட்காராதே. நாலு தொடர் வைத்துக்கொள். 'மாஆஃப், என்சிக்' என்று ஆரம்பி. மன்னிக்கணும் ஐயா என்று பொருள். பெண்ணாக இருந்தால் புவான். மேலே இருப்பவரிடம் ஆவாக் என்று நீ சொல்லாதே, அவர் உன்னிடம் சொல்லலாம். என்சிக் என்பதை நம் 'சார்' போல எங்கும் போடலாம்.

அடுத்து 'போலே ஊலாங்?' திரும்பச் சொல்ல முடியுமா. 'பெர்லாஹான் சிக்கிட்', கொஞ்சம் மெதுவாக. அப்படியும் புரியாவிட்டால் 'சாயா பெலும் பாஹாம்' என்று சொல். தீடாக் பாஹாம் என்றாலும் சரிதான், ஆனால் இன்னும் புரியவில்லை என்று சொன்னால் கேட்பவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்.

கடைசியாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார். 'டுவா கோட்டாக் மேரா?' என்று கேட்டால், ஆமாம் என்பதற்கு அவர் 'யா' என்பார். அதற்குள் உனக்கு அரை நிமிடம் கிடைத்துவிடும்.